கட்டுரை யாருடையது: வரைவுகளும் குறிப்புகளும் தரும் சான்று

முடிந்த கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதை மாணவரே எழுதினாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சீரான நடையும் பிழையற்ற வாக்கியமும் தேர்ந்த மாணவருக்கும் வரும். செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கும் வரும். எனவே கேள்வி எழும்போது, எழுதி முடித்த பிரதியிலிருந்து எழுதிய விதத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. சேமித்து வைத்த வரைவுகள், கோப்பின் பதிப்பு வரலாறு, படிக்கும்போது எடுத்த குறிப்புகள் ஆகிய மூன்றும் அந்த விதத்தைக் காட்டும் பதிவுகள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் குறை சொல்ல இடமுண்டு. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில்தான் நம்பத்தக்க சான்று உருவாகிறது.

இந்தப் பதிவுகளுக்குத் திடீரென மதிப்பு கூடியதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதும், இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் வரிசையாக வந்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டையே அது சரியாக இனங்காண்கிறது என்றும், மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தினுடையது என்று தவறாகச் சொல்கிறது என்றும் நிறுவனமே ஒப்புக்கொண்டது. துல்லியம் போதவில்லை என்று அவ்வாண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி மென்பொருள்களில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்புகளையும் நம்பி எழுதுபவரின் நடை, அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது. மென்பொருள் அதையே இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் மொழியில் எழுதும் தமிழ் மாணவர்களையும் நேரடியாகத் தொடும் அநீதி இது.

பிழை விகிதம் சிறிதாக இருந்தாலும் சிக்கல் தீராது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் நிறுவனத்தின் கண்டறி வசதியை நிறுத்தியபோது ஒரு கணக்கைக் காட்டியது. முந்தைய ஆண்டில் அங்கே அந்த அமைப்பில் ஏறத்தாழ 75,000 கட்டுரைகள் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. பிழை வெறும் ஒரு விழுக்காடு என்றே கொண்டாலும், சுமார் 750 கட்டுரைகள் மீது பொய்யாகப் பழி விழுந்திருக்கும். அதே ஆண்டு மே மாதம் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆசிரியர் ஒருவர் மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிலேயே இட்டு ‘இதை நீ எழுதினாயா’ என்று கேட்டார். அந்த மென்பொருளுக்கு அப்படி எதையும் சரிபார்க்கும் திறன் கிடையாது. ஆனாலும் ஆம் என்றது. பட்டம் பெறவிருந்த மாணவர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் தரப்பில் முன்வைக்கப்பட்ட சான்று, கூகுள் டாக்ஸ் கோப்பில் பதிவாகியிருந்த நேரக் குறிப்புகள்.

கூகுள் டாக்ஸ் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கியதுமே அதன் பதிவு ஓடத் தொடங்கிவிடுகிறது. `File > Version history > See version history` என்ற வழியில் போனால், வலப்பக்கத்தில் நாளும் நேரமும் குறித்த பதிப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் யார் எதைச் சேர்த்தார், எதை அடித்தார் என்பது வண்ணத்தில் தெரியும். திரையில் காண்பது தொகுத்த வடிவமே. அடியில் இருக்கும் பதிவு இதைவிட நுணுக்கமானது: இன்ன இடத்தில் இன்ன எழுத்து சேர்ந்தது, இன்ன இடத்திலிருந்து இவ்வளவு எழுத்து நீங்கியது என்று சிறுசிறு மாற்றங்களாக அது சேர்கிறது. ஜேம்ஸ் சோமர்ஸ் என்ற எழுத்தாளரும் நிரலாளருமானவர் உருவாக்கிய டிராஃப்ட்பேக் என்னும் குரோம் நீட்சி இந்த நுண்பதிவை எடுத்து, கட்டுரை எழுத்தெழுத்தாக உருவாவதை ஒரு படம்போல ஓட்டிக் காட்டும். எங்கே நெடுநேரம் நின்றது, எங்கே ஒரு பத்தி ஒரே நொடியில் வந்து விழுந்தது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இந்த வரலாறு கோப்போடு ஒட்டியது, உரையோடு ஒட்டியதன்று. பல மாணவர்கள் இடறுவது இங்கேதான். `Make a copy` கொடுத்துப் புதுப் படி எடுத்தால், அந்தப் படியின் வரலாறு அந்த நொடியில்தான் தொடங்கும். வேர்ட் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கிச் சமர்ப்பித்தால், சமர்ப்பித்த கோப்பில் வரலாறு எதுவும் இராது. மூலக் கோப்பைக் காப்பாற்றி வைத்திருந்தால்தான் காட்ட முடியும். இடம் மிச்சப்படுத்த அவ்வப்போது பழைய பதிப்புகளை ஒன்றிணைப்பதும் உண்டு என்று கூகுளே எச்சரிக்கிறது. ஆகவே முக்கியமான கட்டங்களில் `Name current version` என்ற கட்டளையால் பதிப்புக்கு ஒரு பெயர் கொடுத்து வைப்பது நல்லது. ‘முதல் வரைவு’, ‘ஆசிரியர் கருத்துக்குப் பின்’ என்ற அளவில் பெயர் இருந்தால் போதும். வேர்ட் கோப்பை அப்படியே கூகுள் டிரைவில் ஏற்றி வைத்தால் விதி வேறு: அங்கே பழைய பதிப்புகள் 30 நாளுக்குப் பிறகோ, எண்ணிக்கை நூறைத் தாண்டினாலோ நீங்கிவிடலாம். ஒரு பருவம் முழுவதும் நீளும் ஆய்வுக் கட்டுரைக்கு 30 நாள் போதாது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதுபவரின் கோப்பு ஒன்டிரைவில் இருந்தால் அங்கேயும் பதிப்பு வரலாறு கிடைக்கும். கணினிக்குள்ளேயே இருந்தால் அப்படி ஒரு பட்டியல் இராது. ஆனால் அந்தக் கோப்பும் முற்றிலும் ஊமையன்று. `.docx` என்பது உண்மையில் பல சிறு கோப்புகளை அடக்கிய ஒரு ஜிப் பொதி. அதில் ஒன்றை இப்படிப் படிக்கலாம்:

```
unzip -p katturai.docx docProps/app.xml
```

வரும் விடையில் `TotalTime` என்று ஒரு புலம் இருக்கும். கோப்பு எத்தனை நிமிடம் திருத்தத்தில் இருந்தது என்பது அந்த எண். கோப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அது ஏறக்கூடும் என்பதால், பெரிய எண்ணுக்குப் பெரிய பொருள் கொடுக்க முடியாது. இரண்டாயிரம் சொல் கட்டுரைக்கு நான்கு நிமிடம் என்று காட்டினால் மட்டும், உரை வேறெங்கோ உருவாகி இங்கே ஒட்டப்பட்டது என்று ஐயுறலாம். இதைவிடப் பயனுள்ளது `word/settings.xml` என்ற உட்கோப்பில் இருக்கும் `rsid` எண்களின் பட்டியல். ஒவ்வொரு சேமிப்புக்கும் இடைப்பட்ட எழுத்துவேலைக்கு வேர்ட் ஒரு தற்போக்கு எண்ணை இடுகிறது. அந்த அமர்வில் தட்டிய சொற்களோடு அந்த எண் ஒட்டிக்கொள்கிறது. ஒரே பத்திக்குள் நாலைந்து வேறு எண்கள் கலந்திருந்தால், அந்தப் பத்தி வெவ்வேறு அமர்வுகளில் தொட்டுத் திருத்தப்பட்டது என்று கொள்ளலாம். வார்ப்புருக் கோப்பிலிருந்தும் எண்கள் வந்து சேரக்கூடும் என்பதால், இதையும் துணைச் சான்றாகவே வைக்க வேண்டும்.

பதிவு கிடைத்த பின் அதை எப்படிப் படிப்பது என்ற கேள்வி வருகிறது. எழுத்துச் செயல்முறை பற்றிய ஆராய்ச்சி இதில் கைகொடுக்கும். லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981இல் வெளியிட்ட கட்டுரை, எழுதுவது திட்டமிடல், எழுதல், திருத்தல் என்று படிப்படியாக நடப்பதில்லை, மூன்றும் ஓயாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நடக்கின்றன என்று வாதிட்டது. பின்னர் விசைத் தட்டல்களைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் வந்தன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் உருவான இன்புட்லாக் அவற்றுள் அறியப்பட்ட ஒன்று. இவ்வகை ஆய்வுகளில் இரண்டு விநாடிக்கு மேற்பட்ட நிறுத்தத்தைச் சிந்தனை நிறுத்தமாகக் கொள்வது வழக்கம். யோசித்து எழுதுபவரிடம் அத்தகைய நிறுத்தங்கள் வாக்கியத்துக்கும் பத்திக்கும் முன்னால் கூடும். சொல்லுக்கு நடுவில் குறையும். எழுதிக்கொண்டே போகையில் மூன்று பத்தி பின்னுக்குப் போய் ஒரு சொல்லை மாற்றிவிட்டு வருவார். வேறொரு திரையைப் பார்த்துப் படியெடுப்பவரின் பதிவோ மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக இருக்கும். அவர் திருத்துவது தட்டச்சுப் பிழைகளைத்தான், கருத்தையன்று. திருத்தங்களை எண்ணிக் கூட்டுவதைவிட, அவை எவ்வகைத் திருத்தங்கள் என்று பார்ப்பது ஆய்பவருக்கு அதிகம் சொல்லும்.

ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வரலாற்று மாணவி ஒருவர் 1876–78இல் சென்னை மாகாணத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணிக் கூலி பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று கொள்வோம். மார்ச் 14 அன்று சமர்ப்பிக்கிறார். கண்டறி மென்பொருள் அதை இயந்திரத்தினுடையது என்கிறது. அவரிடம் இருப்பவை: ஒரு கைக்குறிப்பேடு, நூற்பட்டியல் சேர்க்கும் ஸொட்டேரோ மென்பொருளில் சில பதிவுகள், கூகுள் டாக்ஸ் கோப்பு ஒன்று, வெட்டிய பகுதிகளைப் போட்டுவைக்கும் இன்னொரு கோப்பு.

குறிப்பேட்டில் பிப்ரவரி 20 தேதியிட்ட பக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் என்றும், மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் குறைந்தது ஒன்றரை ராத்தலும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார் என்றும் எழுதியிருக்கிறது. பிப்ரவரி 27 வரைவில், 1877 மார்ச்சில் அரசு கார்னிஷின் கோரிக்கையை ஏற்றது என்று மாணவி எழுதியிருக்கிறார். மருத்துவர்களின் குரல் வென்றது என்பதே அப்போது கட்டுரையின் வாதம். மார்ச் 3 அன்று ஸொட்டேரோவில் புதிய நூல் ஒன்று சேர்கிறது. எந்த நாள், எந்த நேரத்தில் சேர்ந்தது என்பதை அந்த மென்பொருள் தானே பதிந்து வைக்கிறது. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் ‘ஏற்றியது ஒன்றேகால் ராத்தல்தான், பாதி வழி’ என்று ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருக்கிறது. மார்ச் 4 பதிப்பில் பழைய வாக்கியம் நீங்குகிறது, புதியது வருகிறது. முடிவுரை முழுவதும் கலைந்து, அரசு பாதியில் நின்ற சமரசம் என்ற வாதம் அங்கே உருவாகிறது. முன்னுரையில் மட்டும் ‘மருத்துவர்கள் வென்றார்கள்’ என்ற பழைய வாக்கியம் கவனிக்கப்படாமல் ஐந்து நாள் கிடக்கிறது. மார்ச் 9 அன்றுதான் அது மாறுகிறது.

இந்த ஐந்து நாள் பிசகுதான் அவருடைய மிக வலுவான சான்று. ஒரு தகவல் மாறியதால் ஒரு வாக்கியம் மாறி, அதனால் வாதம் மாறி, அதன் எச்சம் வேறிடத்தில் தங்கிப் பின்னர் களையப்படுவது, படித்துக்கொண்டே எழுதும் ஒருவருக்கு இயல்பாக நடப்பது. மோசடி செய்பவர் இதைத் திட்டமிட வேண்டுமானால், முதலில் தவறான வாதத்தை எழுதி, தேதியிட்ட குறிப்பொன்றை அதோடு பொருத்தி, நூற்பட்டியலிலும் உரிய நாளில் பதிவு சேர்த்து, மறதியையும் நடிக்க வேண்டும். அவ்வளவு உழைப்புக்குக் கட்டுரையையே எழுதிவிடலாம்.

அதே வரலாற்றில் உறுத்தும் இடமும் ஒன்று இருக்கிறது. மார்ச் 6 இரவு 180 சொற்கள் கொண்ட ஒரு பத்தி ஒரே நொடியில் வந்து விழுகிறது. இதை மறைக்காமல் மாணவியே முதலில் எடுத்துச் சொல்வது நல்லது. வெட்டிய பகுதிகளுக்கான கோப்பைத் திறந்தால், அந்தப் பத்தி பிப்ரவரி 28 அன்று முதன்மை வரைவிலிருந்து எடுத்து அங்கே போடப்பட்டதும், முதன்மை வரைவில் அதற்கு முந்தைய நாள் அது வாக்கியம் வாக்கியமாக உருவானதும் தெரியும். ஒட்டுதல் என்பதே குற்றமன்று. ஒட்டிய பகுதி எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. ஆசிரியர் மேலும் ஒன்று கேட்கலாம்: மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் கால்வாய் பற்றிய நான்கு வரிகளை ஏன் எடுத்தீர்கள்? எழுதியவரிடம் இதற்கு விடை இருக்கும். பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக அந்தக் கால்வாய்ப் பணி நடந்தது உண்மையே என்றாலும், கட்டுரை கூலியைப் பற்றியது, வேலையைப் பற்றியது இல்லை என்பதால் நீக்கியதாக அவர் சொல்வார். முடிந்த கட்டுரையை மனப்பாடம் செய்தவருக்கு அதில் இல்லாத வரிகளைப் பற்றிப் பேசத் தெரியாது. அழித்தவற்றைப் பற்றிக் கேட்பது இருப்பவற்றைப் பற்றிக் கேட்பதைவிடக் கூர்மையான சோதனை. ஆசிரியர்கள் இதை இன்னும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

பதிப்பு வரலாற்றைப் போலியாக உருவாக்கும் முயற்சிகளும் உண்டு. ஒரு முழு உரையைக் கொடுத்தால், அதை மனிதர் தட்டுவதுபோல இடைவெளி விட்டும் எழுத்துப்பிழை செய்து திருத்தியும் மணிக்கணக்கில் கோப்பில் தட்டிவிடும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எனவே ‘ஆறு மணி நேரம் தட்டியிருக்கிறார்’ என்பது மட்டும் எதையும் நிறுவாது. அந்த நிரல்கள் பொதுவாகச் செய்வது இறுதி உரையை மேலிருந்து கீழாக வந்தடைவது. பிறகு கைவிடப்படும் வாதத்தை அவை எழுதுவதில்லை, வெளியே ஒரு குறிப்பேட்டையும் உருவாக்குவதில்லை. நாளை இன்னும் தேர்ந்த நிரல்கள் வரலாம். அப்போதும் கணினிக்கு வெளியே உள்ள பதிவுகளோடு பொருத்திப் பார்ப்பது உதவும்: நூலகத்தில் நூல் எடுத்த நாள், ஆசிரியருக்கு அனுப்பிய இடைக்கால வரைவின் மின்னஞ்சல், அதற்கு வந்த கருத்து. மாணவர் பின்னால் போய் மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் பதிவே கூடுதல் எடை பெறும். குரோம் உலாவியின் உலாவல் வரலாறும் உதவக்கூடும்; ஆனால் அது 90 நாள் அளவே தங்கும் என்பதால், விசாரணை தாமதமாகும் முன் எடுத்து வைக்க வேண்டும்.

மறுபக்கத்தில், நேர்மையான எழுத்தும் சந்தேகத்துக்குரிய வரலாற்றை விட்டுச் செல்லும். முழுக் கட்டுரையையும் தாளில் எழுதி முடித்துவிட்டுத் தட்டச்சு செய்பவரின் பதிவு படியெடுப்பவருடையதைப் போலவே இருக்கும். அவருக்குத் தாள்களே வரைவு, அவற்றைத் தூக்கிப் போடக்கூடாது. குரல்வழி எழுதுபவருக்கு உரை வாக்கியம் வாக்கியமாகக் கொத்தாக விழும். தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய ஒரு நிலையும் உண்டு. இலங்கையில் இன்றும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டி, மாற்றி ஒன்றின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒருங்குறிக் கோப்பின் வரலாற்றில் முழுக் கட்டுரையும் ஒரே ஒட்டாகத் தெரியும். உண்மையான வரைவு பாமினிக் கோப்பில் இருக்கிறது. மாற்றிய பிறகு அதை அழித்துவிடுபவர் தன் சான்றையும் சேர்த்தே அழிக்கிறார். கைபேசியின் குறிப்புச் செயலியில் பேருந்தில் எழுதிப் பின் கணினிக்குக் கொண்டுபோகும் மாணவருக்கும் இதே நிலைதான்.

குற்றச்சாட்டு வந்ததும் செய்யக்கூடாத முதல் காரியம், கோப்பைத் திறந்து திருத்துவது. நல்லெண்ணத்தில் ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்தாலும் புதிய நாளில் புதிய பதிப்பு ஒன்று சேர்ந்து, பின்னால் ஏதோ செய்திருக்கிறார் என்ற ஐயத்துக்கு இடம் கொடுக்கும். பதிப்பு வரலாற்றைப் பார்க்கத் திருத்தும் உரிமை வேண்டும்; படிக்கும் உரிமை மட்டும் பெற்றவருக்கு அது தெரியாது. அதனால் இணைப்பை அனுப்பிவிட்டு ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால், ஆசிரியர் திறந்து ஒன்றும் காணாமல் போகக்கூடும். உரிமையை வழங்குவதைவிட, இருவரும் ஒரே திரை முன் உட்கார்ந்து மாணவரின் கணக்கிலிருந்தே பார்ப்பது மேல். திரைப்பிடிப்புகளாக எடுத்து அனுப்புவது வலுக் குறைந்தது. அவற்றை மாற்றியமைப்பது எளிது. நேர வலயத்தையும் சொல்லிவிட வேண்டும்: கோலாலம்பூரில் இரவு பதினொன்றுக்கு எழுதியது லண்டனில் இருப்பவரின் திரையில் பிற்பகலாகத் தெரியலாம்.

எல்லாப் பதிப்புகளையும் கொட்டினால் ஆய்பவர் களைத்துப் போவார். ஒரு பக்கக் காலவரிசை போதும்: நாள், அன்று படித்தது அல்லது குறித்தது, அதனால் வரைவில் மாறியது. மேலே கண்ட மாணவிக்கு அது ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறிப்பேட்டுப் பக்க எண்ணும் பதிப்பின் நேரமும் இருந்தால், ஆசிரியர் தாமே திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். இதில் மாணவரின் அந்தரங்கமும் அடங்கியிருக்கிறது என்பதை நிறுவனங்கள் மறக்கக்கூடாது. அழித்த வரிகளில் யாருக்கும் காட்ட விரும்பாதவை இருக்கலாம், நள்ளிரவில் எழுதிய புலம்பல்கூட இருக்கலாம். ஐயம் எழுந்த பகுதிக்குரிய பதிப்புகளை மட்டும் கேட்பதே முறை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சான்று எட்டாத எல்லை ஒன்று உண்டு. ஒரு கணக்கிலிருந்து இந்த வரிசையில் உரை உருவானது என்பதைத்தான் வரலாறு காட்டும். அருகில் உட்கார்ந்து யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்பதைக் காட்டாது. குறிப்புகளும் வாய்மொழி விளக்கமும் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைக்கும், முழுவதும் அடைக்காது. வரலாறு இல்லாமையோ எதற்கும் சான்றாகாது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலிருந்து எழுதும் மாணவரிடம் தொடர்ச்சியான பதிவை எதிர்பார்க்க முடியாது. பதிவைக் கேட்கப்போவதாகப் பாடத்தின் முதல் வாரத்திலேயே அறிவித்து, குறிப்புகளும் ஓர் இடைவரைவும் கட்டுரையோடு சேர்த்தே தரப்பட வேண்டும் என்று விதித்திருந்தால் மட்டுமே, அவை இல்லாதபோது விளக்கம் கேட்க ஆசிரியருக்கு உரிமை பிறக்கிறது.